ஜூரி முன் முதல் ஒரு நிமிடம்: கட்டடக்கலை மாணவர்கள் தங்களை அறிமுகம் செய்துகொள்வது எப்படி

கட்டடக்கலைக் கல்லூரியில் முதல் சில செமஸ்டர்களில் உங்கள் ஷீட்டைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் உங்கள் ஸ்டூடியோ ஆசிரியர்கள்தான். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அவர்கள் உங்கள் மேசைக்கு வந்து போகிறார்கள். உங்கள் சைட் எது, போன வாரம் எதை அழித்துவிட்டு எதை வரைந்தீர்கள், ஏன் படிக்கட்டு இடம் மாறியது எல்லாமே அவர்களுக்குத் தெரியும். பிறகு ஒருநாள் எக்ஸ்டர்னல் வருகிறார். அவருக்கு உங்கள் பெயர் தெரியாது, ஆசிரியர் கொடுத்த பிராஜக்ட் குறிப்பைக்கூடச் சில சமயம் அன்று காலைதான் கையில் வாங்கியிருப்பார். காலையிலிருந்து பத்துப் பதினைந்து பேரைப் பார்த்த களைப்போடு உங்கள் ஷீட் முன்னால் வந்து உட்காருவார். உங்களுக்குக் கிடைப்பது 15 அல்லது 20 நிமிடம்.

நான் சில வருடங்களாக எக்ஸ்டர்னலாகப் போய் உட்காருகிறேன். அந்த நாற்காலியிலிருந்து பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. மாணவர் முதல் ஒரு நிமிடத்தில் சொல்வதை வைத்துத்தான் ஜூரி அடுத்த 15 நிமிடமும் அந்தச் சுவரில் எதைத் தேடுவது என்று முடிவுசெய்கிறது. கோட்டையைப் பற்றிச் சொன்னால் கோட்டையைத் தேடுவோம். மழையைப் பற்றிச் சொன்னால் தண்ணீர் வடியும் வழியைத் தேடுவோம். அதனால் ஜூரி முன் செய்யும் அறிமுகத்தில் உங்கள் சுயசரிதைக்கு வேலை இல்லை. உங்கள் வேலையை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று நீங்கள் காட்டுகிற இடம் அது.

பி.ஆர்க் கடைசி வருடத் தீசிஸை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மூன்றாம் ஆண்டில் முதன்முறையாக வெளியாளைச் சந்திப்பவர்களுக்கும் முறை இதுதான்.

முந்தைய நாள்: யார் வருகிறார்கள், எந்தக் கட்டம்

யார் ஜூரி என்று ஒருங்கிணைக்கும் ஆசிரியரிடம் முந்தைய நாள் கேளுங்கள். சில கல்லூரிகளில் பெயரைச் சொல்வார்கள், சில இடங்களில் சொல்ல மாட்டார்கள். பெயர் கிடைக்காவிட்டாலும், வருபவர் சொந்தமாக ஆபீஸ் நடத்துபவரா, நகரமைப்புக்காரரா, வேறு கல்லூரி ஆசிரியரா, ஸ்ட்ரக்சர் தெரிந்த பொறியாளரா என்பதைக் கேட்டுவிடலாம். அவரைப் புகழ்ந்து பேச இந்தத் தகவல் வேண்டியதில்லை. "சார், உங்க ஆபீஸ் பண்ணின வீட்டைப் பார்த்திருக்கேன்" என்று ஆரம்பிக்கும் மாணவரைக் கண்டால் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். எந்தச் சொல்லை விளக்க வேண்டும், எதை விளக்காமல் விடலாம் என்பதை முடிவுசெய்யத்தான் அது தேவை. நகரமைப்புக்காரரிடம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் என்றால் என்ன என்று ஆரம்பிக்க வேண்டியதில்லை. வீடுகள் மட்டும் கட்டிப் பழகியவருக்கு ஒரு வரி தேவைப்படும்.

அதைவிட முக்கியமானது, இது எந்தக் கட்ட ரிவ்யூ என்பது. கான்செப்ட் ரிவ்யூவா, பிரீ-ஃபைனலா, வைவாவா என்று உங்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து வருபவருக்குப் பல நேரம் அது சரியாகச் சொல்லப்பட்டிருக்காது. கான்செப்ட் கட்டத்தில் இருக்கும் ஒரு மாணவரிடம் போய்க் கழிவறைக் குழாய் எங்கே இறங்குகிறது என்று கேட்கிற ஜூரியைப் பார்த்திருக்கிறேன். மாணவரின் முகம் வெளுத்துவிட்டது. ஜூரி மேலும் தவறு இல்லை, யாரும் அவரிடம் சொல்லவில்லை. அந்த ஒரு வரியை நீங்களே சொல்லிவிட வேண்டும்.

சுவரில் ஷீட்டும் நீங்களும்

அறிமுகம் பேச்சில் மட்டும் நடப்பதில்லை. நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே ஜூரியின் கண் சுவரில் ஓட ஆரம்பித்துவிடும். அது முதலில் போவது பெரும்பாலும் சைட் பிளானுக்கு. அங்கே வடக்கு எது, ஸ்கேல் என்ன, சாலை எங்கே, கடல் எங்கே என்று பார்க்கும். அவை கிடைக்காவிட்டால் நீங்கள் பேசுவது காதில் விழாது, அவர் மனத்துக்குள் வடக்கைத் தேடிக்கொண்டிருப்பார்.

அதனால் பின்-அப் செய்யும்போது சைட் பிளான் இருக்கும் ஷீட்டை இடது ஓரத்தில், உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்குச் சற்று மேலே வையுங்கள். ஏ1 ஷீட்டை நிறுத்து வாக்கில் ஒட்டினால் உயரமே 841 மில்லிமீட்டர். இரண்டு வரிசை ஒட்டினால் மேல் வரிசை ஆள் உயரத்தையும் தாண்டிவிடும். முக்கியமான ஷீட் மேல் வரிசைக்குப் போய்விட்டால் அதை யாரும் படிக்க மாட்டார்கள். பெயரும் பதிவெண்ணும் டைட்டில் பிளாக்கில் இருக்கின்றன. எனவே பெயரை வாயால் ஒரே ஒருமுறை, தெளிவாகச் சொன்னால் போதும்.

நீங்கள் சைட் பிளானுக்கு வெளிப்பக்கம், அதாவது இடது ஓரத்தில் நில்லுங்கள். ஷீட்டுக்கு முன்னால் நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோடு பேசுபவர்கள் நிறைய. நீங்கள் பேசும்போது ஜூரியின் ஒரு கண் உங்கள் மேலும் ஒரு கண் ஷீட் மேலும் இருக்க வேண்டும். இரண்டையும் மறைக்காமல் நிற்க ஒரு இடம்தான் உண்டு, அதை முந்தைய நாள் மாலையே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாடல் இருந்தால் அதை மேசையில் சைட் பிளானின் திசையிலேயே திருப்பி வையுங்கள். பிளானில் கடல் வலது பக்கம், மாடலில் கடல் எதிரே என்று இருந்தால் முதல் ஐந்து நிமிடம் அந்தக் குழப்பத்திலேயே போய்விடும்.

என்ன சொல்வது: ஒரு தீசிஸை எடுத்துக்கொள்வோம்

ஒரு மாணவி தரங்கம்பாடியில் தீசிஸ் செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மீனவர் குடியிருப்பை ஒட்டிக் கடலோரத்தில் ஒரு ஏக்கர் நிலம். அங்கே கருவாடு போடும் நாற்பது பெண்களுக்கு ஓர் உலர்த்தும் களம், கூடவே விற்பனைக் கூடம். ஒருவருக்கு 20 சதுர மீட்டர் உலர்த்தும் பரப்பு என்று கணக்கிட்டு, களம் மட்டும் 800 சதுர மீட்டர். இது பிரீ-ஃபைனல் ரிவ்யூ. அவள் முதலில் எழுதி வைத்திருந்த அறிமுகம் இப்படி இருக்கிறது:

"குட் மார்னிங் சார், குட் மார்னிங் மேடம். என் பேரு இன்னது. டென்த் செமஸ்டர் பி.ஆர்க் படிக்கிறேன். சின்ன வயசுலேர்ந்தே எனக்கு டிராயிங்னா ரொம்ப இஷ்டம், அதனாலதான் ஆர்க்கிடெக்சர் எடுத்தேன். என் தீசிஸ் டாபிக் தரங்கம்பாடி கடற்கரை மேம்பாடு. தரங்கம்பாடி வரலாற்றுச் சிறப்பு மிக்க ஊர். 1620இல் டேனிஷ்காரங்க இங்க டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினாங்க. 2004 சுனாமியில இந்த ஊர் ரொம்பப் பாதிக்கப்பட்டது. இங்க மீனவர்கள் அதிகமா வாழ்றாங்க. அவங்க வாழ்க்கைத் தரத்தை உயர்த்துறதுதான் என் நோக்கம்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஜூரியின் காதில் விழுந்தது என்ன? டேனிஷ் கோட்டை, சுனாமி, கடற்கரை மேம்பாடு. முதல் கேள்வி இப்படித்தான் வரும்: "கோட்டைக்கும் உங்க பில்டிங்குக்கும் என்ன சம்பந்தம்? மெட்டீரியல்ல அதை எப்படிக் காட்டியிருக்கீங்க?" அடுத்தது சுனாமி: "அலை வந்தா எங்கே ஓடுவாங்க?" இரண்டும் நியாயமான கேள்விகள், ஆனால் அவள் நான்கு மாதம் யோசித்தது அதைப் பற்றி இல்லை. தானே கிளப்பிவிட்ட கோட்டைக்குப் பதில் சொல்லியே பத்து நிமிடம் போய்விடும். தரங்கம்பாடி போன்ற ஊரை எடுத்தவர்களுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. மாமல்லபுரம், காரைக்குடி, தஞ்சாவூர் எடுத்தவர்களுக்கும் இதே கதைதான். ஊரின் புகழ் பிராஜக்டை விழுங்கிவிடும்.

அவள் உண்மையில் யோசித்தது வேறு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அப்போது வெயிலை நம்பிக் கருவாடு போட முடியாது. ஆக வருடத்தில் ஏறக்குறைய ஐந்து மாதம் அந்த 800 சதுர மீட்டரில் பெரிதாக வேலை நடக்காது. காலியாகக் கிடக்கும் அந்தக் களம் அந்த மாதங்களில் என்னவாக இருக்கும் என்பதுதான் அவளுடைய டிசைன். மழைக் காலத்தில் களத்தின் ஒரு பகுதியைக் கூரைக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும் செக்‌ஷன் ஒன்றை அவள் வரைந்திருக்கிறாள். அது சுவரின் வலது ஓரத்தில், யாரும் பார்க்காத இடத்தில் தொங்குகிறது.

இதை வைத்து அறிமுகத்தை மாற்றி எழுதினால் இப்படி வரும்:

"வணக்கம் சார், வணக்கம் மேடம். நான் இன்னார், பத்தாவது செமஸ்டர். தரங்கம்பாடியில கருவாடு போடுற நாற்பது பெண்களுக்கு ஒரு உலர்த்தும் களமும் விற்பனைக் கூடமும் பண்ணியிருக்கேன். சைட் இது, ஒரு ஏக்கர், மேற்கே மீனவர் குடியிருப்பு, கிழக்கே கடல். தடைக்காலத்துல விசைப்படகு போகாது, மீன் வரத்து ரொம்பக் குறைஞ்சிடும். மழைக்காலத்துல வெயில் இல்லை. ரெண்டும் சேர்ந்து வருஷத்துல அஞ்சு மாசம் களம் கிட்டத்தட்ட காலியா இருக்கும். அந்த அஞ்சு மாசமும் இந்த இடத்தை எப்படிப் பயன்படுத்துறதுங்கிறதுதான் என் டிசைன். இது பிரீ-ஃபைனல். பிளானும் செக்‌ஷனும் முடிஞ்சிருக்கு, கூரைக்கு ஸ்டீலா மரமான்னு இன்னும் முடிவு பண்ணலை, அதுல உங்க கருத்து வேணும். சைட் பிளான்லேர்ந்து ஆரம்பிச்சு இந்தச் செக்‌ஷன்ல முடிக்கிறேன்."

அவசரமில்லாமல் வாய்விட்டுப் படித்தால் ஒரு நிமிடத்தைத் தாண்டாது. பெயர், யாருக்கு என்ன, எங்கே, என்ன கேள்வி, எந்தக் கட்டம், எந்த வரிசை என்று எல்லாம் வந்துவிட்டது. ஓவியம் பிடிக்கும் என்பது போய்விட்டது. கோட்டையும் போய்விட்டது. கோட்டையைப் பற்றி யாராவது கேட்டால் சொல்ல அவளிடம் பதில் இருக்கட்டும், தானாக அழைத்து வர வேண்டியதில்லை.

இதில் "விசைப்படகு" என்ற ஒரு சொல்லைக் கவனியுங்கள். முதலில் அவள் எழுதியிருந்தது "தடைக்காலத்துல மீனே வராது" என்று. கடலோர ஊரை அறிந்த ஒருவர் ஜூரியில் இருந்தால் அங்கேயே நிறுத்துவார்: "நாட்டுப்படகு போகுமேம்மா?" தடை இயந்திரப் படகுகளுக்கும் இழுவைப் படகுகளுக்கும்தான், பாரம்பரிய நாட்டுப்படகுகளுக்கு இல்லை. அறிமுகத்திலேயே ஒரு தகவல் உடைந்துவிட்டால் அதற்குப் பிறகு நீங்கள் சொல்கிற எந்த எண்ணையும் அவர் நம்ப மாட்டார். அந்த ஒரு நிமிடத்தில் வரும் ஒவ்வொரு தகவலையும் சைட்டுக்குப் போய்க் கேட்டுச் சரிபார்த்தீர்களா என்று பாருங்கள். இணையத்தில் படித்தது மட்டும்தான் என்றால் அறிமுகத்தில் அது வேண்டாம்.

அதே மாதிரி, சட்டச் சிக்கல் இருக்கும் சைட்டில், அதை அறிமுகத்தில் இழுக்காமல் அடுத்த வரிக்குத் தயாராக வைத்திருங்கள். கடலுக்கு இவ்வளவு அருகே கட்டலாமா என்று யாராவது கட்டாயம் கேட்பார். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள், பொதுவாகக் கட்டுமானம் அனுமதிக்கப்படாத பகுதியிலும் உள்ளூர் மீனவர்களுக்கான மீன் உலர்த்தும் களம், ஏலக்கூடம், வலை பழுதுபார்க்கும் இடம் போன்றவற்றுக்கு இடம் தருகின்றன. அந்த ஒரு வரி அவளிடம் இருந்தால் பேச்சு அரை நிமிடத்தில் டிசைனுக்குத் திரும்பிவிடும்.

உங்களைப் பற்றி எவ்வளவு சொல்வது

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். ஒன்று, பள்ளியில் வாங்கிய பரிசு வரை சொல்கிறார்கள். இல்லாவிட்டால் தன்னைப் பற்றி எதுவுமே சொல்லக் கூடாது என்று நினைத்து, சொல்ல வேண்டியதையும் விழுங்கிவிடுகிறார்கள்.

நான் மாணவர்களிடம் சொல்லும் சோதனை இதுதான்: உங்களைப் பற்றிய அந்தத் தகவலால் டிராயிங்கில் ஒரு கோடாவது மாறியிருக்கிறதா? மாறியிருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

நம் மாணவியின் அம்மாவே கருவாடு விற்பவர் என்று வைத்துக்கொள்வோம். அதை அனுதாபத்துக்காகச் சொன்னால் ஜூரிக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாது, தலையாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். ஆனால் அவள் விற்பனைக் கூடத்தில் மற்ற மார்க்கெட்டுகள் மாதிரி இடுப்பு உயர மேடை வைக்கவில்லை. அம்மா தரையோடு உட்கார்ந்து, கூடையை முழங்காலுக்கு முன்னால் வைத்து விற்பதைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் மேடையை 45 சென்டிமீட்டரில் நிறுத்தி, உட்காருபவரும் வாங்குபவரும் முகம் பார்த்துப் பேசும்படி நடைபாதையை அதற்குக் கீழே இறக்கியிருக்கிறாள். அப்படியென்றால் அது சொல்ல வேண்டிய தகவல்தான். "எங்க அம்மா கருவாடு விக்கிறாங்க, இந்த மேடை உயரம் அவங்க உட்கார்றதைப் பார்த்து எடுத்தது" என்று ஒரே வரியில், அந்தச் செக்‌ஷனைத் தொட்டுச் சொல்லிவிட்டால் போதும்.

சொன்ன பிறகு அதற்கான விலையும் உண்டு. ஊர்க்காரி என்று சொல்லிவிட்டால் ஜூரி உங்களை ஊர்க்காரியாகவே நடத்தும். உப்பு மூட்டையை எங்கே அடுக்குவாங்க? ராத்திரி பனி விழும்போது பாதி காய்ந்த மீனை எங்கே எடுத்து வைப்பாங்க, யார் தூக்குவாங்க? காக்காயும் நாயும் வராம எப்படி? கழுவின தண்ணி எங்கே போகுது? வெளியூர் மாணவரிடம் இதையெல்லாம் கேட்கும்போது கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். உங்களிடம் விட மாட்டார்கள். இவற்றுக்குப் பதில் இல்லாவிட்டால் அம்மாவை அறிமுகத்தில் கொண்டுவராமல் இருப்பதே நல்லது.

பயிற்சி செமஸ்டரில் ஆபீஸில் செய்த வேலையைக் காட்டும்போது இதே கவனம் இன்னும் அதிகமாகத் தேவை. "நான் ஒரு மருத்துவமனை பண்ணினேன்" என்று சொல்லாதீர்கள். எதை நீங்கள் வரைந்தீர்கள், எது ஆபீஸின் டிசைன் என்று முதல் வரியிலேயே பிரித்துவிடுங்கள்: "இந்த மருத்துவமனை ஆபீஸோட டிசைன். இதுல மூணாவது மாடி வார்டு பிளானும் டாய்லெட் டீட்டெயிலும் நான் வரைஞ்சது." ஜூரியில் இருப்பவருக்கு அந்த ஆபீஸையே தெரிந்திருக்கலாம், நம் ஊரில் இந்தத் தொழில் அவ்வளவு சின்னது. குழுவாகச் செய்த ஸ்டடி என்றால் யார் எதைச் செய்தது என்பதையும் இப்படியே சொல்லிவிடுங்கள்.

தமிழிலா, ஆங்கிலத்திலா

ஷீட் ஆங்கிலத்தில் இருக்கும், ஜூரியும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் ஆரம்பிக்கும். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் நிமிடத்திலேயே இது பெரிய சுவராகிவிடுகிறது. மனப்பாடம் செய்த ஆங்கில வரிகளைச் சொல்லும்போது நடுவில் யாராவது ஒரு கேள்வி போட்டால் நூல் அறுந்துவிடும், திரும்ப முதலிலிருந்துதான் ஆரம்பிக்கத் தெரியும்.

ஜூரியில் எல்லோருக்கும் தமிழ் தெரியுமா என்று முன்கூட்டியே ஸ்டூடியோ ஆசிரியரிடம் கேளுங்கள். தெரியும் என்றால் வணக்கத்துக்கு அடுத்ததாக, "சார், தமிழ்ல எக்ஸ்ப்ளெயின் பண்ணலாமா?" என்று கேட்டுவிடுங்கள். நான் உட்கார்ந்த ஜூரிகளில் இதற்கு மறுப்புச் சொன்னவரைப் பார்த்ததில்லை. பிளான், செக்‌ஷன், ஸ்லாப், ட்ரஸ் எல்லாம் எப்படியும் ஆங்கிலச் சொற்களாகவே வரும், அதில் யாருக்கும் சிரமமில்லை. கேரளத்திலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒருவர் வந்திருந்தால் மட்டும் அந்த ஒரு நிமிடத்தை ஆங்கிலத்தில் தயார் செய்யுங்கள். சின்னச் சின்ன வாக்கியங்களாக, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஷீட்டில் விரல் வைக்க ஓர் இடம் இருக்கும்படி எழுதுங்கள். விரல் நகர்ந்தால் அடுத்த வாக்கியம் தானாக நினைவுக்கு வரும்.

அழைப்பில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. சார், மேடம் போதும். "மாண்புமிகு நடுவர்களே" என்று பட்டிமன்றம் போல் ஆரம்பிக்க வேண்டாம். உங்கள் சொந்த ஆசிரியரும் அங்கே இருப்பார், அவரைப் பார்த்துப் பேசத்தான் கண் போகும். அவருக்கு எல்லாம் தெரியும், தெரியாதவரைப் பார்த்துப் பேசுங்கள்.

ஒத்திகை

கண்ணாடி முன்னால் பேசிப் பார்ப்பதை நான் பெரிதாக நம்புவதில்லை. வேறு துறையில் படிக்கும் விடுதி நண்பர் ஒருவரைப் பிடியுங்கள், பி.காம் படிப்பவராக இருந்தால் இன்னும் நல்லது. சைட் பிளானை மட்டும் காட்டி அறிமுகத்தைச் சொல்லுங்கள். பிறகு ஷீட்டை மறைத்துவிட்டு அவரையே திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். யாருக்காக, எங்கே, என்ன பிரச்சினை என்று மூன்றும் அவர் வாயிலிருந்து வர வேண்டும். "ஏதோ மீன் மார்க்கெட், தரங்கம்பாடியில" என்று நின்றுவிட்டால், அந்த ஐந்து மாதம் அவர் காதில் ஏறவில்லை. பெரும்பாலும் காரணம், அந்த வாக்கியத்துக்கு முன்னால் நீங்கள் தேவையில்லாத ஒன்றைச் சொல்லியிருப்பீர்கள். அதை வெட்டுங்கள். சத்தமாகச் சொன்னால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள்.

கடிகாரம் வைத்துச் சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் இடத்தைப் பற்றிய வர்ணனைதான் நீளமாக இருக்கும். ஷீட்டில் ஏற்கெனவே தெரிவதை வாயால் சொல்ல வேண்டாம்.

இதோடு இன்னும் ஒரு குட்டி வடிவத்தையும் தயார் செய்துகொள்ளுங்கள், ஒரே வாக்கியத்தில்: "கருவாட்டுக் களம், நாற்பது பெண்களுக்கு, வருஷத்துல அஞ்சு மாசம் காலியா கிடக்கும், அந்த அஞ்சு மாசத்துக்கான டிசைன்." மாலை நான்கு மணிக்கு உங்கள் முறை வந்தால் இதுதான் கைகொடுக்கும்.

அறைக்குள்

முந்தைய மாணவருக்கு மதிப்பெண் போட்டு முடிக்கும் வரை ஆரம்பிக்காதீர்கள். ஜூரி தலை குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போது சொன்ன பெயரும் கேள்வியும் காற்றில் போய்விடும். ஷீட் பக்கத்தில் நின்று, அவர்கள் தலை நிமிரும் வரை பொறுத்திருங்கள். அந்த அரை நிமிடம் உங்களுக்கு நீளமாகத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. எழுதுபவர் ஒருவர், நிமிர்ந்திருப்பவர் இருவர் என்றால், "ஆரம்பிக்கலாமா சார்?" என்று கேட்டுவிட்டு ஆரம்பிக்கலாம்.

இரண்டாவது வாக்கியத்திலேயே குறுக்கே கேள்வி வரும். "நார்த் எந்தப் பக்கம்?" "ரோடு எத்தனை மீட்டர்?" இவை சண்டைக் கேள்விகள் இல்லை, அவர் சைட்டுக்குள் நுழைய முயல்கிறார் என்று அர்த்தம். விரலால் காட்டிப் பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். "அதைப் பத்திப் பிறகு சொல்றேன் சார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். வடக்குத் தெரியாமல் அவர் காத்திருக்க மாட்டார்.

"இன்ட்ரோ எல்லாம் வேண்டாம், பிளானுக்கு வாங்க" என்று சிலர் சொல்வார்கள். அப்போது தயார் செய்த எல்லாவற்றையும் வேகமாக ஒப்பிக்கப் பார்க்காதீர்கள். அந்தக் குட்டி வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே பிளானில் விரலை வையுங்கள். பெயர் டைட்டில் பிளாக்கில் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்வார்கள்.

பாதியில் ஒரு ஜூரி உள்ளே வந்து உட்கார்ந்தால் மொத்தத்தையும் மறுபடி சொல்ல வேண்டியதில்லை. அதே ஒரு வாக்கியத்தை அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

வருத்தம் தெரிவித்து ஆரம்பிப்பது நம் மாணவர்களிடம் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. "டைம் இல்லை சார், ரெண்டரிங் சரியா வரலை", "பிரிண்ட் கொஞ்சம் டார்க்காயிடுச்சு மேடம்" என்றுதான் பலர் வாய் திறக்கிறார்கள். சொல்லியிருக்காவிட்டால் அந்தக் குறையைப் பாதிப் பேர் கவனித்திருக்கவே மாட்டோம். முடியாத வேலையைச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் அதை மன்னிப்பாக இல்லாமல் கட்டமாகச் சொல்லுங்கள்: கூரை இன்னும் முடிவாகவில்லை, இரண்டு வழி யோசித்திருக்கிறேன். முடிவெடுக்காததற்கும் வரையாமல் விட்டதற்கும் உள்ள வித்தியாசம் ஜூரிக்கு நன்றாகவே தெரியும். செக்‌ஷனே இல்லாத ஷீட்டை எந்த அறிமுகமும் காப்பாற்றாது. பாரிஸ் எக்கோல் தே போஸார் பள்ளியில் ஒரு காலத்தில் ஜூரி மூடிய கதவுக்குள் டிராயிங்கை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னது, மாணவர் உள்ளே இருக்க மாட்டார். அப்படிப் பார்த்தாலும் உங்கள் ஷீட் தானாகப் பேச வேண்டும், அதற்குப் பிறகுதான் உங்கள் பேச்சு.

சரியாகப் போனதா என்று எப்படித் தெரிந்துகொள்வது

முகபாவனையை வைத்து முடிவுசெய்யாதீர்கள். சிரித்துக்கொண்டே குறைந்த மதிப்பெண் போடுபவர்கள் உண்டு. நீங்கள் கவனிக்க வேண்டியது, அறிமுகம் முடிந்ததும் வரும் முதல் கேள்வி.

"இது யாருக்காகப் பண்ணியிருக்கீங்க?" அல்லது "சைட் எங்கே?" என்று வந்தால் அறிமுகம் போய்ச் சேரவில்லை. "கோட்டை எங்கே இருக்கு?" என்று வந்தால் போய்ச் சேர்ந்தது, ஆனால் வேறெங்கோ. "மழைக்காலத்துல கூரைக்கு உள்ளே இழுத்துக்கிட்டா காத்தோட்டம் குறையாதா?" என்று வந்தால், கடுமையான கேள்வியாகவே இருந்தாலும், அவர் நீங்கள் காட்ட நினைத்த செக்‌ஷன் முன்னால் வந்து நிற்கிறார்.

பேசுகிறவருக்கு இந்தக் கேள்விகள் பிறகு நினைவில் நிற்காது. வகுப்புத் தோழர் ஒருவரைப் பின்னால் உட்கார வைத்து, யார் என்ன கேட்டார்கள் என்று கேட்ட சொற்களிலேயே, வந்த வரிசையிலேயே எழுதச் சொல்லுங்கள். அவர் முறை வரும்போது நீங்கள் அவருக்கு எழுதுங்கள். ஜூரி உங்கள் ஷீட் மேல் பென்சிலால் கிறுக்கியிருந்தால் பின்-அப்பைக் கழற்றும் முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள். ஃபைனலுக்கு முன் அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அறிமுகத்தைத் திரும்ப எழுதும்போது, முதல் மூன்று கேள்விகளில் எது உங்கள் டிசைனைப் பற்றியது, எது நீங்களே இழுத்துவிட்டது என்று பிரித்துப் பாருங்கள். நீங்கள் இழுத்துவிட்ட கேள்விக்குக் காரணமான வாக்கியத்தை அறிமுகத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.